அடிவயிற்று நோவும் மூன்று நாட்களும்

தமிழ் இல்லங்களிற் பெண்ணொருத்தியின் அடிவயிற்று நோவு நோயாகக் கருதப்படுவது அரிது. அது மாதவிடாயோடு வருவது, மாதவிடாயோடு போவது. வெந்நீர் ஒத்தடமும் சிறிது ஓய்வும் அதற்குப் போதும் என்பது தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிவரும் அறிவு. வெள்ளைபடுதல் மிகுந்தால் அதற்கு ‘உடற்சூடு’ என்று பெயரிட்டு இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுக்கின்றார்கள். காய்ச்சல் வந்து சேர்ந்தால், முதல்நாள் மழையில் நனைந்தமை நினைவுக்கு வருகின்றது. கொத்தமல்லித் தண்ணீர் அடுப்பில் ஏறுகின்றது. இவ்விளக்கங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பலமுறை பொருந்தியவையே. அவற்றின் குறை வேறிடத்தில் உள்ளது. மூன்று அறிகுறிகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் ஆயத்தமாக இருக்கையில், மூன்றும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவையாக இருக்கலாம் என்ற ஐயம் எவருக்கும் எழுவதில்லை.

அந்த ஒரே இடம் இடுப்புக்குழி. கருப்பை, அதன் இருபுறமும் நீளும் பலோப்பியன் குழாய்கள், சூலகங்கள், இவற்றைச் சூழ்ந்த வயிற்றறை மென்சவ்வு ஆகியவற்றைப் பற்றும் கிருமித்தொற்று, மருத்துவ நூல்களில் இடுப்புக்குழி அழற்சி எனப்படுகின்றது. அடிவயிற்று நோவும், காய்ச்சலும், நிறமும் மணமும் மாறிய வெள்ளைபடுதலும் ஒன்றுகூடி வருவது அதன் தெளிவான முகம். இம்மூன்றும் கூடிய பின்னரும் சில நாட்கள் பொறுத்துப் பார்ப்பதால் இழக்கப்படுவது என்ன என்பதை அறிவதற்கு, முதலில் அக்குழாய்களின் அமைப்பை அறிதல் வேண்டும்.

பலோப்பியன் குழாய் ஏறக்குறைய பத்துச் சென்ரிமீற்றர் நீளமானது. சூலகத்தின் அருகில் அது விரல்கள் போன்ற சிம்புகளாக விரிந்து நிற்கும். கருப்பைச் சுவரை ஊடுருவும் இடத்திலோ அதன் உள்வழி ஒரு மில்லிமீற்றருக்கும் குறுகியது. குழாயின் உட்புறம் வழுவழுப்பான வெறுஞ்சுவரன்று. நெருக்கமாக மடிந்த மெல்லிய மடிப்புகள் அதனை நிரப்பியிருக்கின்றன. அம்மடிப்புகளின் மேற்றோலில் நுண்ணிய பிசிர்கள் அசைந்தவண்ணம் இருக்கின்றன. சூலகத்திலிருந்து வெளிப்படும் முட்டையைச் சிம்புகள் வாங்கிக்கொள்ள, பிசிர்களின் அசைவும் குழாய்த் தசையின் சுருக்கமும் அதனைக் கருப்பையை நோக்கிக் கொண்டுசெல்கின்றன. கருக்கட்டல் நிகழ்வதும் இக்குழாயினுள்ளேயே. எனவே குழாய் திறந்திருந்தால் மட்டும் போதாது. அதன் உட்புறம் உயிரோடு இயங்கவும் வேண்டும்.

யோனியில் எப்பொழுதும் கிருமிகள் உண்டு. கருப்பையின் வாயிலைக் காப்பது கருப்பைக் கழுத்தில் தங்கும் கட்டியான சளி. கொனோறியாக் கிருமியோ கிளமிடியாவோ அக்கழுத்தைத் தாக்கி அழற்சியை உண்டாக்கும்போது காவல் தளர்கின்றது. மாதவிடாயின்போதும் அதனையடுத்த நாட்களிலும் இக்காவல் இயல்பாகவே குறைந்திருப்பதால், நோவு பலருக்கு மாதவிடாய் முடிந்த முதற் கிழமையிலே தொடங்குவதுண்டு. முன்னே சென்ற கிருமிகள் திறந்த வழியால் யோனியிலுள்ள ஒட்சிசன் வேண்டாத கிருமிகளும் மேலேறுகின்றன. ஆதலால், கடைசியிற் குழாயிலுள்ள சீழிற் பல இனக் கிருமிகள் கலந்திருக்கும். சிகிச்சையில் ஒரு மருந்து போதாமல் மூன்று மருந்துகள் வேண்டப்படுவது இக்காரணத்தினாலேயே.

குழாயினுள் தொற்றுப் புகுந்ததும் பிசிர்கொண்ட கலங்கள் உதிர்கின்றன. மேற்றோலை இழந்த மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வெளிமுனைச் சிம்புகள் அழற்சி நீரில் ஒட்டி மூடிக்கொண்டால், குழாய் ஒரு பையாகி, முதலிற் சீழையும் பின்னர்த் தெளிந்த நீரையும் தேக்கி வைக்கும். அரைகுறையாக ஒட்டிய குழாயின் நிலை வேறு: விந்து உட்செல்லும் அளவுக்கு வழி உண்டு, கருவுற்ற முட்டை இறங்கிவரும் அளவுக்கு இல்லை. அக்கரு குழாயிலேயே தங்கி வளர முயன்று, சில கிழமைகளிற் குழாயை வெடிக்கச் செய்யும். பிள்ளையின்மையும் கருப்பைக்கு வெளியே தங்கும் கர்ப்பமும் ஒரே தழும்பின் இரு விளைவுகளாவது இவ்வாறே. கிருமியை மருந்து கொல்லும். ஒட்டிய மடிப்பை எந்த மருந்தும் பிரிப்பதில்லை. இந்நோயிற் காலத்தின் பொருள் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கும்.

இனி ஒரு நோயாளியின் வரலாற்றைப் படிப்படியாகத் தொடரலாம். அது தனியொருத்தியின் கதையன்று. பெண்நோயியல் விடுதிகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் வகையிலிருந்து அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. அவளுக்கு வயது இருபத்தைந்து, ஆசிரியை. திருமணமாகி ஒன்றரை ஆண்டு. கணவன் தொலைவிலுள்ள நகரொன்றில் வேலைபார்த்து, மாதத்திற்கு ஒருமுறை வீடு வருபவன். மாதவிடாய் முடிந்த நான்காம் நாள் அடிவயிற்றின் இருபுறமும் மந்தமான நோவு தொடங்கியது. வகுப்பில் நிற்கும்போதும் மாடிப்படி இறங்கும்போதும் அது மிகுந்தது. அதற்கு முந்திய கிழமையிலேயே வெள்ளைபடுதல் மஞ்சள் நிறமாகியிருந்ததையும், உறவின்பின் இருமுறை இரத்தக்கசிவு கண்டதையும் அவள் கவனித்திருந்தாள்; எவரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் சிறுநீர் கழிக்கையில் எரிவு தோன்றியது. மாமியார் அதனைச் சூடு என்றார். மூன்றாம் நாள் மாலை குளிரும் காய்ச்சலும் வந்தன. பரசிற்றமோல் குளிசை இரண்டு விழுங்கியதும் காய்ச்சல் தணிந்தது. தணிந்ததே அவளைப் பின்னும் இரண்டு நாள் வீட்டில் இருத்தியது. பரசிற்றமோல் காய்ச்சலைக் குறைக்கும், நோவையும் ஓரளவு மறைக்கும். தொற்றை அது தொடுவதேயில்லை. நான்காம் நாள் மருந்துக் கடையிற் ‘சிறுநீர் எரிவுக்கு’ என்று கேட்டு வாங்கிய அமொக்சிசிலின் குளிசைகளில் ஆறினை அவள் உட்கொண்டாள். அம்மருந்து இவ்விடத்திற் போதுமானதன்று. இன்றைய கொனோறியாக் கிருமி பெரும்பாலும் அதற்கு அஞ்சுவதில்லை; கிளமிடியாவுக்கும் இடுப்புக்குழி அழற்சியில் அது நம்பத்தக்க சிகிச்சையன்று. ஆறாம் நாள் அவள் இருமுறை வாந்தியெடுத்தாள். நிமிர்ந்து நடக்க முடியவில்லை. அன்று வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டாள்.

வெளிநோயாளர் பிரிவில் அவள் சொன்னது, ‘வயிற்று நோவும் சத்தியும்’ என்பது மட்டுமே. வெப்பநிலை 38.8 பாகை செல்சியஸ்; நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 110. அடிவயிறு முழுவதும் அழுத்தத்திற்கு நொந்தது, வலப்புறம் சற்றுக் கூடுதலாக. இளம் வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி கடைசி மாதவிடாய் எப்போது என்பது. முதலிற் செய்வித்த பரிசோதனை சிறுநீரிற் கர்ப்பப் பரிசோதனை. அவ்வரிசை தற்செயலானதன்று. மகப்பேற்று வயதிலுள்ள பெண்ணின் அடிவயிற்று நோவில், குழாயில் தங்கிய கர்ப்பம் வெடித்திருந்தால் அவளது உயிர் சில மணித்தியாலங்களிற் போகக்கூடும். எனவே அது முதலில் விலக்கப்படவேண்டும். பரிசோதனை கர்ப்பம் இல்லையென்று காட்டியது.

அடுத்து நின்றது குடல்வால் அழற்சி. அந்நோவு பெரும்பாலும் கொப்பூழைச் சுற்றித் தொடங்கிச் சில மணித்தியாலங்களில் வலப்புற அடிவயிற்றிற்கு இடம்பெயரும். பசியின்மையும் வாந்தியும் தொடக்கத்திலேயே கூடவரும். இவளது நோவு இருபுறமும் ஒருங்கே தொடங்கியது. வாந்தி ஆறாம் நாளே வந்தது. சூலகக் கட்டி முறுகினால் நோவு ஒரு பக்கத்தில், ஒரு கணத்தில், மிகக் கடுமையாக எழும், அதுவும் இங்கில்லை. சிறுநீர்த் தொற்றோ, சிறுநீரைச் சோதித்தால் வெளிப்படக்கூடியது. ஆயின் இந்நோயிலும் சிறுநீரில் வெண்கலங்கள் காணப்படலாம் என்பதால் அச்சோதனை மட்டும் ஏமாற்றிவிடும். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே வைத்தியர், பெண் தாதி ஒருவரை உடன் நிற்கச் செய்து, நோயாளியின் சம்மதத்துடன் உட்பரிசோதனை செய்தார்.

அப்பரிசோதனையே நோயைக் காட்டியது. கருப்பைக் கழுத்திலிருந்து மஞ்சள்நிறச் சீழ்ச்சளி வடிந்தது. கழுத்தை விரலால் மெல்ல ஒருபுறம் அசைத்ததும் நோயாளி துடித்து மேலே நகர்ந்தாள். கருப்பையும் அதன் இருபுறங்களும் தொடுகைக்கு நொந்தன. கருப்பைக் கழுத்தை அசைக்க நோதல், கருப்பை நோதல், குழாய்களும் சூலகங்களும் உள்ள பக்கங்கள் நோதல் ஆகிய இம்மூன்றில் ஏதேனும் ஒன்று, பாலுறவு வாழ்விலுள்ள இளம் பெண்ணின் அடிவயிற்று நோவோடு சேர்ந்திருந்து, வேறு காரணமும் புலப்படாவிடின், சிகிச்சையைத் தொடங்கவேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல்களின் முடிவு. காய்ச்சலும், சீழ்ச்சளியும், இரத்தத்தில் உயர்ந்த வெண்கல எண்ணிக்கையும் ஐயத்தை உறுதிப்படுத்துபவை. ஆனால் அவை இல்லாமை நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

இத்துணை மென்மையான சான்றின்மீது சிகிச்சையைத் தொடங்குவது அவசரமன்றோ என்று கேட்கலாம். விடை சுவீடன் நாட்டின் லுண்ட் நகரிலிருந்து வந்தது. அங்கு 1960ஆம் ஆண்டு தொடக்கம், இந்நோய் ஐயுறப்பட்ட பெண்களின் வயிற்றறையினுள் சிறு துளைவழியே நோக்குக் குழாயைச் செலுத்தி, பலோப்பியன் குழாய்களை நேரே பார்த்து நோயை உறுதிசெய்யும் வழக்கத்தை மருத்துவர்கள் ஒழுங்காகக் கைக்கொண்டனர். லார்ஸ் வெஸ்ற்றுறோமும் அவருடைய சக மருத்துவர் யாக்கொப்சனும் 1969இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பரிசோதனையால் இந்நோய் என்று முடிவுசெய்யப்பட்ட 814 பெண்களுள் ஏறத்தாழ 65 வீதத்தினருக்கே குழாயழற்சி கண்ணாற் காணப்பட்டது. எஞ்சியோரிற் சிலருக்கு வேறு நோய் இருந்தது. பலருக்கு எந்த நோயும் காணப்படவில்லை. மூவரில் ஒருவர் விடயத்தில் வைத்தியரின் கை தவறக்கூடும் என்பது இதனால் தெளிவு.

அவ்வாறாயின் உறுதி கிடைக்கும்வரை காத்திருத்தலே முறை எனத் தோன்றலாம். தராசின் இரு தட்டுகளையும் பார்த்தால் அது முறையன்று. நோயில்லாத ஒருத்திக்குப் பதினான்கு நாள் மருந்து கொடுப்பதால் அவள் அடையும் துன்பம் குமட்டலும் வயிற்றுக் குழப்பமும். நோயுள்ள ஒருத்திக்கு மருந்து பிந்துவதால் அவள் இழப்பது குழாய்களை. நோய்க்கிருமியைத் தேடும் சளிப் பரிசோதனையின் முடிவு வர நாட்களாகும். வந்தாலும் அது கொனோறியாவும் இல்லை, கிளமிடியாவும் இல்லை என்று பாதிப் பேருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ சொல்லக்கூடும். அழற்சி அப்போதும் மெய்யாகவே இருக்கலாம். ஆதலாற் சளி எடுக்கப்படுகின்றது. முடிவுக்காக மருந்து காத்திருப்பதில்லை.

இந்த ஆசிரியை விடுதியில் அனுமதிக்கப்பட்டாள். மென்மையான நோயுள்ள எல்லோரையும் அனுமதிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 831 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளிவந்த ஆய்வொன்று, மிதமான நோயில் வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றவர்களும் விடுதியில் தங்கிப் பெற்றவர்களும் பின்னாளில் கருத்தரிப்பதில் வேறுபடவில்லை என்று காட்டியது. ஆனால் வாந்தியினால் குளிசையை வயிற்றில் வைத்திருக்க முடியாதவள், உயர்ந்த காய்ச்சல் உள்ளவள், கர்ப்பிணி, சீழ்க்கட்டி ஐயுறப்படுபவள், குடல்வால் அழற்சியை விலக்க முடியாதவள் ஆகியோர் விடுதியில் இருக்கவேண்டியவர்கள். இவளுக்கு ஸ்கான் பரிசோதனை செய்யப்பட்டது. இடக்குழாய் சற்றுத் தடித்திருந்தது. குழாயும் சூலகமும் ஒன்றாகத் திரண்ட சீழ்க்கட்டி இல்லை. அத்தகைய கட்டி வெடித்தால் வயிற்றறை முழுவதும் சீழ் பரவி உயிராபத்து நேரும் என்பதால், அதனைத் தேடாமல் விடுவதில்லை.

மருந்துகள் மூன்று. செப்ட்றயக்சோன் நாளுக்கு ஒரு கிராம் நாளத்தின் வழியே. டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் பன்னிரண்டு மணித்தியாலத்திற்கு ஒருமுறை. மெற்றோனிடசோல் 500 மில்லிகிராம் அவ்வாறே. முதலாவது கொனோறியாக் கிருமிக்கும் குடல்சார் கிருமிகளுக்கும். இரண்டாவது கலங்களுக்குள் ஒளிந்துவாழும் கிளமிடியாவுக்கு. மூன்றாவது ஒட்சிசன் வேண்டாத கிருமிகளுக்கு. வீட்டிலிருந்து சிகிச்சை பெறுபவளுக்கு முதல் மருந்து 500 மில்லிகிராம் ஒரே ஊசியாகத் தசையில் ஏற்றப்படும்; மற்றவை இரண்டும் குளிசைகளாகப் பதினான்கு நாட்களுக்கு. கர்ப்பிணிகளுக்கும், இம்மருந்துகளில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் வைத்தியர் வேறு மருந்து தெரிவார். எனவே இப்பட்டியல் மருந்துக் கடையிற் காட்டி வாங்குவதற்குரியதன்று. டொக்சிசைக்கிளின் குளிசையை நிறையத் தண்ணீருடன் நிமிர்ந்திருந்து விழுங்கவேண்டும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்தால் அது உடலில் ஏறுவது குறையும்.

மூன்றாம் நாள் அவளது காய்ச்சல் நின்றது. கருப்பைக் கழுத்தின் நோவும் வெகுவாகக் குறைந்தது. சிகிச்சை தொடங்கி 72 மணித்தியாலத்திற்குள் இத்தகைய முன்னேற்றம் காணப்பட வேண்டும். காணப்படாவிடின் நோய் வேறாக இருக்கலாம், அல்லது சீழ்க்கட்டி இருக்கலாம் என்று கருதி மீண்டும் ஆராயப்படும். வீட்டிலிருந்து மருந்தெடுப்பவளையும் மூன்றாம் நாள் திரும்பவந்து காட்டுமாறு சொல்வது இதன்பொருட்டே. நோவு நின்றதும் எஞ்சிய குளிசைகளை அலுமாரியில் வைத்துவிடுவது இந்நோயிற் பெருந்தவறு. நோவு நிற்பது நான்கைந்து நாளில். கிருமி முற்றாக ஒழியப் பதினான்கு நாள் வேண்டும்.

இவளுக்கு ஆறு நாட்கள் கழிந்திருந்தன. அந்நாட்களின் விலையை மதிப்பிட மீண்டும் லுண்ட் நகருக்கே செல்லவேண்டும். நோக்குக் குழாயால் நோய் உறுதிசெய்யப்பட்ட 1,844 பெண்களையும், ஐயுறப்பட்டு நோயில்லை எனக் காணப்பட்ட 657 பெண்களையும் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த வெஸ்ற்றுறோமின் குழு தன் முடிவுகளை 1992இல் வெளியிட்டது. ஒருமுறை நோயுற்றவர்களில் குழாய்ச் சேதத்தால் பிள்ளையின்மை அடைந்தோர் 8 வீதம். இருமுறை நோயுற்றோரில் ஏறத்தாழ 20 வீதம். மூன்றோ மேலோ முறை நோயுற்றோரில் 40 வீதம். ஒவ்வொரு முறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிக்கின்றது. நோயின் கடுமையும் அவ்வாறே: முதல் நோய் மென்மையாக இருந்தபோது பாதிப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு, கடுமையாக இருந்தபோது நூற்றுக்கு இருபதுக்கும் மேல்.

அதே லுண்ட் நகரப் பதிவுகளிலிருந்து 443 பெண்களைத் தெரிந்து, அவர்கள் நோவு தொடங்கி எத்தனையாம் நாள் மருத்துவரிடம் வந்தனர் என்பதை ஹிலிஸ் என்பாரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் 1993இல் ஆராய்ந்தனர். மூன்று நாட்களுக்குள் வந்தவர்களிற் பின்னாளிற் பிள்ளையின்மையோ கருப்பைக்கு வெளியே கர்ப்பமோ கண்டவர்கள் ஏறத்தாழ 8 வீதம்; பிந்தி வந்தவர்களில் ஏறத்தாழ 20 வீதம். கிளமிடியாவினால் வந்த நோயில் இவ்வேறுபாடு மிகவும் கூர்மையாக இருந்தது. கவனிக்கத்தக்க செய்தி யாதெனில், கொனோறியா ஆரவாரத்தோடு வரும். காய்ச்சலும் கடுநோவும் நோயாளியை விரைந்து எழுப்பிவிடும். கிளமிடியா மெல்ல வருவது. பொறுத்துக்கொள்ளக்கூடிய நோவைத் தருவது. எதனைப் பொறுத்துக்கொள்ள முடிகின்றதோ அதுவே நீண்ட காலம் உள்ளே இருந்து தழும்பிடுகின்றது. நோவின் அளவு சேதத்தின் அளவன்று.

மூன்று நாள் என்பதனை ஒரு வேலியாகக் கொள்ளவும் கூடாது. மூன்றாம் நாள் மாலைவரை காத்திருக்கலாம் என்பது அவ்வாய்வின் பொருளன்று. நான்காம் நாளுக்குப் பின் போய்ப் பயனில்லை என்பதும் அன்று. பிந்தி வந்தவர்களிலும் ஐவரில் நால்வர் தப்பினர். ஆறாம் நாள் வந்த இந்த ஆசிரியைக்கும் அதுவே சொல்லப்பட்டது.

அவள் ஏன் ஆறு நாள் பொறுத்தாள் என்ற வினா எஞ்சுகின்றது. அறியாமை ஒரு பகுதி விடை. அச்சம் மறு பகுதி. யோனிவழி நோய் என்ற சொல் வீட்டில் ஒலித்தால், அடுத்த வினா அவளது ஒழுக்கத்தைப் பற்றியதாக இருக்கும் என்பதை அவள் அறிவாள். ஜேர்மனியிற் பிறந்து நியூயோர்க்கில் தொழில்செய்த எமில் நெகராத் என்ற மருத்துவர் 1872ஆம் ஆண்டிலேயே ஒரு நூலை வெளியிட்டார். திருமணத்திற்கு முன் கொனோறியா கண்டு, ஆறிவிட்டதென எண்ணிய ஆண்களின் உடலில் நோய் மறைந்து தங்குகின்றது; அவர்களை மணந்த குற்றமற்ற மனைவியரே நாட்பட்ட அடிவயிற்று நோவுக்கும் பிள்ளையின்மைக்கும் ஆளாகின்றனர் என்பது அவர் கூற்று. சக மருத்துவர்கள் அவரை எள்ளினர். ஏழு ஆண்டுகளின் பின், 1879இல், அல்பேட் நைசர் அக்கிருமியை நுண்காட்டியிற் கண்டார். நெகராத் நோயின் பரம்பலை மிகைப்படுத்தினார் என்பது உண்மையே. ஆயினும் அவர் சுட்டிய வழி சரியானது. மலடி என்ற பழியைச் சுமந்தவள் பல வீடுகளில் நோயைப் பெற்றவளேயன்றி நோயைக் கொணர்ந்தவளல்லள்.

ஆயின் எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்நோய் வந்தாலே எவரோ பிழைசெய்தனர் என்று தீர்ப்பளித்தல் அறிவியலுக்குப் பொருந்தாது. பெண்கள் பலரில் பாலுறவால் தொற்றும் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. யோனியின் இயல்பான கிருமிச் சமநிலை குலைவதே அவர்களில் தொடக்கமாகலாம். பிள்ளைப்பேற்றின் பின்னும், கருச்சிதைவின் பின்னும், லூப் பொருத்திய முதல் மூன்று கிழமைகளிலும் கிருமி மேலேற வாய்ப்புண்டு. கிளமிடியா அகப்பட்டாலும், அது எப்பொழுது வந்தது என்று அப்பரிசோதனை சொல்லாது. அறிகுறியின்றி மாதக்கணக்கில், சிலரில் ஓராண்டுக்கும் மேலாக, அது உடலில் இருக்கக்கூடும். ஆய்வுகூடத் தாளிலிருந்து நாளையோ ஆளையோ கணித்தெடுப்பது இயலாத காரியம்.

எனினும் கணவனுக்குச் சொல்லாமல் விடவும் இயலாது. கடந்த அறுபது நாட்களுக்குள் உறவுகொண்டவர், தமக்கு எக்குறையும் இல்லாவிடினும், கொனோறியாவுக்கும் கிளமிடியாவுக்கும் சிகிச்சை பெறவேண்டும். இருவரின் மருந்தும் முடியும்வரை உறவு தவிர்க்கப்பட வேண்டும். இல்லையேற் குணமானவள் அடுத்த மாதமே மீண்டும் தொற்றுப் பெறுவாள். எட்டு வீதம் இருபதாகும் வழி அதுவே. இந்த ஆசிரியையின் சளியிற் கிளமிடியா காணப்பட்டது. அவள் தானே கணவனிடம் சொல்ல அஞ்சியதால், வைத்தியர் இருவரையும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்திற்கு அனுப்பினார். இலங்கையின் அரசாங்க நிலையங்களில் இச்சேவை இலவசமானது. நோயாளியின் இரகசியம் பேணப்படுவது. அங்குக் கணவனிடம் தனியே பேசப்பட்டது. ஓராண்டுக்கு முன் சிறுநீர்வழி எரிவு ஒன்று வந்து தானாக அடங்கியதை அவன் அப்போதுதான் சொன்னான். அவனும் மருந்தெடுத்தான். மூன்று மாதத்தின் பின் இருவரும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர்.

அவளது குழாய்கள் எந்நிலையில் உள்ளன என்பதை அன்று எவராலும் சொல்ல முடியாது. ஸ்கானில் தெளிவாகத் தோன்றும் குழாயின் உட்பிசிர்கள் அழிந்திருக்கலாம். தடித்துத் தோன்றிய குழாய் முற்றாக ஆறியுமிருக்கலாம். ஆதலால் அவளுக்கு இரண்டு அறிவுரைகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. மாதவிடாய் தவறினால் மகிழ்ந்து காத்திராமல் ஆறாம் கிழமையளவில் ஸ்கான் செய்து, கர்ப்பம் கருப்பையினுள்ளேதான் இருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். பிள்ளையை விரும்பி ஓராண்டு கழிந்தும் கருத்தரிக்காவிடின், அதற்குமேலும் ஆண்டுகளைக் கழிக்காமல், குழாயினுள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்கதிர்ப் படத்திற்கு வரவேண்டும்.

வைத்தியரிடம் செல்லும் பெண்ணுக்கு இந்நோயில் வாய்க்கும் துணை அவள் கூறும் சொற்களே. ‘வயிற்று நோவு’ என்று மட்டும் சொன்னால், நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் இரைப்பை எரிவுக்குரிய மருந்துச் சீட்டு அவள் கையில் வந்து சேரக்கூடும். நோவு தொப்புளுக்குக் கீழே, இருபுறமும், இத்தனை நாளாக, காய்ச்சல் உண்டு, வெள்ளைபடுதல் நிறம் மாறியுள்ளது, உறவின்போது உள்ளே நோகின்றது, அல்லது பின்னர் இரத்தம் கசிகின்றது, கடைசி மாதவிடாய் இந்நாள் என்று சொல்லும் அரை நிமிடப் பேச்சு, கேட்பவரை உட்பரிசோதனைக்கு இட்டுச்செல்லும். பெண் வைத்தியரை வேண்டிக் கேட்கலாம். தனியறையிற் பேச வேண்டும் என்றும் கேட்கலாம். நோவு ஒரு பக்கத்திற் சடுதியாக எழுந்தாலோ, மயக்கம் வந்தாலோ, மாதவிடாய் தவறிய நிலையில் நோவும் இரத்தமும் கண்டாலோ, அன்றிரவே புறப்பட வேண்டும். விடியும்வரை பொறுப்பதற்கு அங்கே இடமில்லை.